‘எல்லாமா ஒரு 4600 வரும்’: ஒரு பயணச் செலவுக் கோரிக்கை திருத்தி எழுதப்பட்ட விதம்

கிளிநொச்சியில் இயங்கும் ஒரு சிறிய சமூக அமைப்பின் களப்பணியாளர், தமது இரண்டு நாள் பயணச் செலவை மீளப் பெறுவதற்காக 2025 யூலை 14ஆம் திகதி திங்கட்கிழமை நிதி உதவியாளருக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். அந்தச் செய்தி படிவமாக எழுதப்பட்டு, கணக்காளரால் திருப்பி அனுப்பப்பட்டு, அதன் பின்னர் என்னிடம் வந்தது. ஒரே செய்தியிலிருந்து இரண்டு கோரிக்கைகள் எழுதப்பட்டதால், எழுதுபவர் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதை இந்த ஒரு கோப்பிலேயே தெளிவாகக் காண முடிகிறது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். செய்தியை மட்டும் அவர் எழுதியபடியே தருகிறேன்.

“அக்கா வணக்கம். போன கிழமை போன காசு இன்னும் வரேல்லை. செவ்வாய் முல்லைத்தீவுக்குப் போகேக்கை பஸ் 190, அங்கையிருந்து அளம்பிலுக்கு ஓட்டோ போக வர 2400. திரும்பி வரேக்கை தனியார் பஸ், 200 குடுத்தன். வியாழன் 10ஆந் திகதி ஒட்டுசுட்டானுக்கு மோட்டச்சைக்கிளிலை போனனான், பெற்றோல் 800. ரெண்டு நாளும் சாப்பாடு 500. எல்லாமா ஒரு 4600 வரும். பெற்றோல் பில்லும் பஸ் ரிக்கற்றும் இருக்கு, ஓட்டோக்காரர் பில் தரேல்லை. கெதியாப் போட்டுவிடுங்கோ அக்கா.”

பேச்சில் கேட்டால் இதில் குறை எதுவும் தெரியாது. அவரை அறிந்தவருக்கு, அவர் எங்கே போனார், எதற்காகப் போனார் என்பதெல்லாம் தெரியும். ஆனால் கொடுப்பனவை அங்கீகரிப்பவர் அவரை அறியாதவராக இருக்கலாம். ஆண்டு முடிந்து கோப்பைத் திறக்கும் கணக்காய்வாளர் நிச்சயமாக அறியாதவர். அவருக்குத் தேவையானது யார், எந்த நாளில், எங்கிருந்து எங்கே, எந்த வாகனத்தில், எதற்காகப் போனார், எவ்வளவு செலவாயிற்று, அதற்கு ஆதாரம் என்ன என்பதே. திருத்தி எழுதுதல் என்றால், செய்தியில் இருக்கும் விவரங்களை இந்த ஒழுங்கில் வைத்து, இல்லாதவற்றை உரியவரிடம் கேட்டு நிரப்புவதுதான். தொகையும் திகதியும் செலவு செய்தவருடைய கூற்று என்பதால், எழுதுபவர் அவற்றைத் தம்முடைய ஊகத்தைக் கொண்டு மாற்ற முடியாது.

முதல் முறை இதை எழுதிய அலுவலக உதவியாளர் உண்மையான அக்கறையோடுதான் எழுதினார். “மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவருவதாவது” என்று தொடங்கிய அந்தக் கோரிக்கையின் நடையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தொகைகளையும் திகதியையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோது நான்கு இடங்கள் மாறியிருந்தன. போகும்போது 190 என்றால் வரும்போதும் 190தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, திரும்பும் பேருந்தின் 200 என்பது 190 ஆக்கப்பட்டிருந்தது. கடித உறையில் இருந்த பெற்றோல் பற்றுச்சீட்டு 1,000 ரூபாவுக்கு இருந்ததால், 800 என்பது 1,000 ஆகியிருந்தது. அதே பற்றுச்சீட்டில் யூலை 9 என்றிருந்ததாலும், 10ஆம் திகதி எசல பூரணை விடுமுறை என்பதாலும், ஒட்டுசுட்டான் பயணம் 9ஆம் திகதி நடந்ததாக எழுதப்பட்டிருந்தது. சாப்பாட்டுச் செலவு நாளொன்றுக்கு 500 என்று கொள்ளப்பட்டு 1,000 ஆகியிருந்தது. இவ்வாறு மொத்தம் 4,780 ரூபாவாகியது.

இந்த நான்கு மாற்றங்களுக்கும் தனித்தனியே கேட்டால் ஒரு நியாயம் சொல்ல முடியும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. யாரும் பொய் எழுத நினைக்கவில்லை. ஆதாரத்தோடு ஒத்துப்போகட்டும் என்று நினைத்தே எழுதப்பட்டது. ஆயினும் கணக்காளர் அதைத் திருப்பி அனுப்பினார். களப்பணியாளர் 4,600 என்று கேட்டிருக்கும்போது அலுவலகம் 4,780 கொடுக்க முன்வருவது ஏன் என்பது அவருடைய முதற்கேள்வி. ஒட்டுசுட்டான் கூட்டத்தின் வரவுப் பதிவேட்டில் யூலை 10 என்று இருக்கும்போது, கோரிக்கையில் யூலை 9 என்று இருப்பது எப்படி என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்வி முதலாவதைவிடப் பாரதூரமானது. ஏனெனில், கூட்டம் நடக்காத ஒரு நாளில் பயணம் செய்ததாக ஒருவர் பணம் கேட்டிருக்கிறார் என்ற தோற்றத்தை அது உண்டாக்கியது. உண்மையில் அவர் சரியான திகதியையே எழுதியிருந்தார். அதைப் பொய்யாக்கியது திருத்தி எழுதிய கைதான்.

கோப்பு யூலை 22ஆம் திகதி என்னிடம் வந்தது. நிதி உதவியாளர் அந்தச் செய்தியையும் எனக்கு வட்ஸ்அப்பிலேயே முன்னனுப்பியிருந்தார். அவ்வாறு முன்னனுப்பிய செய்தியில், அது எனக்கு வந்து சேர்ந்த நேரம்தான் தெரியுமே தவிர, முதலில் எழுதப்பட்ட நாள் தெரியாது. 22ஆம் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால், ‘போன கிழமை செவ்வாய்’ என்பது யூலை 15 ஆகிவிடும். ஆகவே மூலச் செய்தியின் திரைப்பிடிப்பை அனுப்பும்படி கேட்டேன். அதில் யூலை 14 என்று இருந்தது. அதற்கு முந்திய வாரத்தின் செவ்வாய் யூலை 8. அவரே ‘வியாழன் 10ஆந் திகதி’ என்று எழுதியிருந்ததும், நாட்காட்டியில் யூலை 10 வியாழனாகவே இருந்ததும் இதை உறுதிப்படுத்தின. ‘நேற்று’, ‘முந்தநாள்’, ‘போன கிழமை’ போன்ற சொற்களைத் திகதியாக்கும்போது, செய்தி எழுதப்பட்ட நாளை முதலில் நிலைநிறுத்தி, அதிலிருந்து எண்ண வேண்டும். கிழமையையும் திகதியையும் சேர்த்தே எழுதுவது நல்லது. ஒன்று பிழைத்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். மாதத்தையும் எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுகிறேன். சில தொலைபேசிகளும் கணினிகளும் மாதத்தை முன்னே போடுவதால், 7/8 என்பதை ஒருவர் யூலை 8 என்றும் இன்னொருவர் ஓகஸ்ட் 7 என்றும் வாசிக்க இடமுண்டு.

அடுத்து உறையைத் திறந்து பார்த்தேன். அதில் இரண்டு தாள்களே இருந்தன. ஒன்று இலங்கைப் போக்குவரத்துச் சபைப் பேருந்தின் பயணச்சீட்டு. சூட்டில் அச்சாகும் மெல்லிய தாள் என்பதால், வியர்வையிலும் வெயிலிலும் ஏற்கெனவே மங்கியிருந்தது. சாய்த்துப் பிடித்தபோது 190 தெரிந்தது, திகதியின் பாதி மட்டுமே தெரிந்தது. இப்படிப்பட்ட சீட்டுகளை அன்றன்றே நிழற்படப் பிரதி எடுத்து, மூலத்தோடு இணைத்து வைக்க வேண்டும். மங்கிய பகுதியைப் பேனாவால் எழுதிப் புதுப்பிக்கக் கூடாது. அது உதவியல்ல, ஆதாரத்தைத் திருத்துவதாகும். மற்றையது பெற்றோல் பற்றுச்சீட்டு: யூலை 9, 1,000 ரூபா.

பற்றுச்சீட்டுக்கும் செய்திக்கும் இடையே வேறுபாடு தெரியும்போது, பற்றுச்சீட்டுதான் சரி என்று முடிவுகட்டும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. இரண்டும் சரியாக இருக்கலாம் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பெற்றோல் பற்றுச்சீட்டு, வண்டிக்கு எரிபொருள் நிரப்பிய நாளையும் நிரப்பிய தொகையையும் காட்டுகிறது. பயணம் செய்த நாளையோ, பயணத்துக்குச் செலவான பெற்றோலையோ அது காட்டாது. மாங்குளம் வரை ஏ9 வீதியில் போய், அங்கே கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டானுக்குப் போக வேண்டியவர், காலையில் தாமதிக்காமல் இருக்க முதல்நாள் பின்னேரமே நிரப்பிவைப்பது வன்னியில் எவரும் செய்வதுதான். அவ்வாறு நிரப்பியதில் ஒரு பகுதி சொந்த ஓட்டத்துக்குப் போயிருந்தால், 1,000 ரூபாவுக்கு நிரப்பி 800 மட்டும் கேட்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. இன்னும் சொன்னால், அது நேர்மையான கோரிக்கை. அதை 1,000 ஆக உயர்த்துவது, அவர் கேட்காத பணத்தை அவர் பெயரில் கேட்பதாகிவிடும்.

சாப்பாட்டுத் தொகையில் இருந்தது வேறு வகையான சிக்கல். ‘ரெண்டு நாளும் சாப்பாடு 500’ என்பதை நாளுக்கு 500 என்றும் எடுக்கலாம், இரு நாளுக்கும் சேர்த்து 500 என்றும் எடுக்கலாம். முதலாவது பொருளில் எல்லாவற்றையும் கூட்டினால் 4,590 வருகிறது. அது அவர் சொன்ன ‘ஒரு 4600’ என்பதோடு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. இரண்டாவது பொருளில் கூட்டினால் 4,090 மட்டுமே வருகிறது. ஆகவே நாளுக்கு 500 என்பதே அவர் கருத்து என்று யாரும் நம்பிவிடுவார்கள். கூட்டுத்தொகை சாட்சியாக நிற்கும்போது இன்னும் ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றும். அந்த இடத்தில்தான் கேட்க வேண்டும். மொத்தம் ஒரு விளக்கத்தோடு ஒத்துப்போவதனால் அந்த விளக்கம் மெய்யாகிவிடாது. செய்தியில் சொல்லப்படாத வேறொரு செலவும் அந்த மொத்தத்துக்குள் இருக்கலாம்.

கேட்கும் முறையும் முக்கியம். “தம்பி, சாப்பாடு ஒரு நாளைக்கு 500 தானே?” என்று கேட்டால், அவசரத்தில் இருப்பவர் “ஓம்” என்றுதான் சொல்வார். பதிலை உள்ளே வைத்த கேள்வி, பதிலைப் பெறுவதில்லை. ஆகவே நான் எந்தத் தொகையையும் சொல்லாமல் கேட்டேன். செவ்வாய் சாப்பாட்டுக்கு எவ்வளவு, வியாழன் எவ்வளவு? 4600 என்பதை எவற்றைக் கூட்டி எடுத்தீர்கள்? பெற்றோல் எப்போது, எவ்வளவுக்கு நிரப்பினீர்கள்? திரும்பி வந்த பேருந்தில் கொடுத்த 200 முழுவதும் கட்டணமா? இரண்டு இடங்களுக்கும் எந்த வேலைக்காகப் போனீர்கள்? ஓட்டோவின் இலக்கம் நினைவிருக்கிறதா? இதற்கு முன் எழுத்தில் கோரிக்கை கொடுத்தீர்களா, முற்பணம் வாங்கினீர்களா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் ‘இன்னும் வரேல்லை’ என்ற சொற்கள். திருத்தி எழுதும்போது, மனக்குறையைச் சொல்லும் இத்தகைய வரிகளை நடைக்குப் பொருந்தாதவை என்று நீக்கிவிடுகிறோம். தொனியை நீக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு தகவல் இருக்கக்கூடும். ஏற்கெனவே ஒரு கோரிக்கை கொடுக்கப்பட்டிருந்தால், இரண்டாவது எழுத்து இரட்டைக் கொடுப்பனவுக்கு வழிவகுக்கும். அதனால் அதைக் கேட்டுத் தெளிந்த பின்னரே நீக்க வேண்டும்.

மறுநாள் பதில் வந்தது. “அண்ணை, சாப்பாடு செவ்வாய் 300, வியாழன் 200. 4600இலை கூட்டத்துக்குக் கொப்பி அடிச்ச 500உம் சேர்த்துப் போட்டன். அது திங்கள் 7ஆந் திகதி கிளிநொச்சியிலை அடிச்சது, பில் வீட்டை இருக்கு. பெற்றோல் புதன் பின்னேரம் 1000க்கு அடிச்சனான், 200 என்ரை சொந்த ஓட்டத்துக்கு. பஸ்ஸிலை மிச்சம் பத்து ரூபா தரேல்லை, 200 தான் போனது. முந்தி வாயாலை சொன்னது மட்டுந்தான், முற்பணம் எடுக்கேல்லை.” பயணங்களின் நோக்கத்தையும் ஓட்டோவின் இலக்கத்தையும் அதே பதிலில் எழுதியிருந்தார். பூரணை நாளில் சனம் வீட்டில் நிற்கும் என்பதால், குழுவினரே அந்த நாளைக் கேட்டு வாங்கினார்கள் என்பதையும் சேர்த்திருந்தார்.

ஆக, சாப்பாடு இரு நாளுக்கும் சேர்த்து 500தான். 4600க்குள் ஒளிந்திருந்தது நிழற்படப் பிரதிச் செலவு. மொத்தத்தை நம்பி நாளுக்கு 500 என்று எழுதியிருந்தால், அவர் செலவு செய்த தொகையே அவர் கைக்குப் போயிருக்கும் என்றாலும், சாப்பாடு என்ற பெயரில் பிரதி எடுத்த காசு கொடுக்கப்பட்டிருக்கும். பின்னர் பிரதிப் பற்றுச்சீட்டை அவர் தனியே கொடுக்கும் நாளில், அதே 500 இரண்டாம் முறையும் போயிருக்கும். கணக்காய்வில் பிடிபடும்போது அந்தப் பழியும் அவர் மீதே விழுந்திருக்கும்.

பதிலுக்குப் பின் எழுதிய கோரிக்கையின் உடற்பகுதி இவ்வாறு அமைந்தது:

*பயணச் செலவு மீளளிப்புக் கோரிக்கை*

*2025 யூலை 8, செவ்வாய்க்கிழமை. கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவு ஊடாக அளம்பிலுக்குச் சென்று திரும்பியமை. நோக்கம்: மகளிர் சிக்கனக் குழுவின் கணக்கேடுகளைப் பார்வையிடல்.*
*கிளிநொச்சி – முல்லைத்தீவு, இ.போ.ச. பேருந்து: ரூபா 190 (பயணச்சீட்டு இணைக்கப்பட்டுள்ளது).*
*முல்லைத்தீவு – அளம்பில் – முல்லைத்தீவு, முச்சக்கரவண்டி: ரூபா 2,400 (பற்றுச்சீட்டு வழங்கப்படவில்லை, வண்டி இலக்கத்துடன் கோருபவரின் சான்றுரை இணைக்கப்பட்டுள்ளது).*
*முல்லைத்தீவு – கிளிநொச்சி, தனியார் பேருந்து: செலுத்தியது ரூபா 200 (பயணச்சீட்டு இல்லை; மிகுதி வழங்கப்படவில்லை எனக் கோருபவர் தெரிவிக்கிறார்).*
*உணவு: ரூபா 300.*

*2025 யூலை 10, வியாழக்கிழமை (எசல பூரணை விடுமுறை). கிளிநொச்சியிலிருந்து ஒட்டுசுட்டானுக்குச் சொந்த மோட்டார் சைக்கிளில் சென்று திரும்பியமை. நோக்கம்: குழுவினரின் வேண்டுகோளின்படி விடுமுறை நாளில் நடந்த கூட்டம், வரவுப் பதிவேட்டின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.*
*பெற்றோல்: ரூபா 800 (யூலை 9 பின்னேரம் ரூபா 1,000க்கு நிரப்பிய பற்றுச்சீட்டு இணைக்கப்பட்டுள்ளது, அதில் ரூபா 200 சொந்தப் பாவனை).*
*உணவு: ரூபா 200.*

*மொத்தம்: ரூபா 4,090. முற்பணம் பெறப்படவில்லை.*

*குறிப்பு: யூலை 14ஆம் திகதிய செய்தியில் ஏறத்தாழ ரூபா 4,600 எனக் குறிப்பிடப்பட்டது, பயணச் செலவல்லாத நிழற்படப் பிரதிச் செலவு ரூபா 500ஐயும் உள்ளடக்கியது என்பதைக் கோருபவர் யூலை 23ஆம் திகதி எழுத்தில் தெரிவித்துள்ளார். அதற்குத் தனிக் கோரிக்கை சமர்ப்பிக்கப்படுகிறது.*

மொத்தம் 4,600 இலிருந்து 4,090 ஆனபோது, தொகையை மாற்றக்கூடாது என்று சொன்னது எங்கே போயிற்று என்று கேட்கலாம். அவர் சொன்ன உருப்படித் தொகைகள் எல்லாம் அவர் சொன்னபடியே நிற்கின்றன. மொத்தம் மாறியது அவருடைய எழுத்துமூல விளக்கத்தினால். பழைய மொத்தமும் அழிக்கப்படாமல் குறிப்பில் இருக்கிறது. ‘ஒரு 4600’ என்பதிலுள்ள ‘ஒரு’ என்ற சொல்லை ‘ஏறத்தாழ’ என்று காப்பாற்றியதும் வேண்டுமென்றே செய்ததுதான். அதை விட்டுவிட்டு ‘ரூபா 4,600’ என்று மட்டும் எழுதினால், தோராயமாகச் சொன்னவரைத் திட்டவட்டமாகச் சொன்னவராக்கிவிடுவோம்.

கையொப்பத்துக்கு அனுப்புமுன் நான் இரண்டு திசையிலும் சரிபார்க்கிறேன். முதலில் மூலச் செய்தியிலுள்ள ஒவ்வொரு தொகையையும் திகதியையும் கிழமையையும் பென்சிலால் வட்டமிட்டு, அது புதிய எழுத்தில் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். இதில் விடுபட்டவை அகப்படும். பின்னர் புதிய எழுத்திலிருந்து தொடங்கி, அதிலுள்ள ஒவ்வொரு எண்ணும் செய்தியிலோ, பதிலிலோ, பற்றுச்சீட்டிலோ எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் பார்க்கிறேன். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் எழுத்தில் இருந்த சாப்பாட்டுக்கான 1,000 போன்றவை, எழுதுபவரின் மனத்திலிருந்தே வந்த எண்கள். இரண்டாவது பார்வைதான் அவற்றைத் திட்டவட்டமாகப் பிடிக்கும். இறுதிக் கோரிக்கையில் 300, 200 என்ற உணவுத் தொகைகளுக்கும் சொந்தப் பாவனைக்கான 200 ரூபாவுக்கும் யூலை 23 பதில் ஆதாரம். 1,000 என்பதற்குப் பதிலும் பற்றுச்சீட்டும் ஆதாரம். மூலம் இல்லாத எண் ஒன்றும் இல்லை.

இந்த வேலைக்கு ஓர் எல்லையும் உண்டு. தனியார் பேருந்துக்குக் கொடுத்த 200 ரூபாவில் 190 மட்டுமே அங்கீகரிக்கத்தக்கது என்று கணக்காளர் கருதலாம். சொந்தச் சான்றுரையுடன் 2,400 ரூபாவை ஏற்பதா என்பதும் அவருடைய தீர்மானம். அதை முன்கூட்டியே எண்ணிக் கோரிக்கைத் தொகையைக் குறைத்து எழுதினால், அவருக்குத் தீர்மானிக்க எதுவும் இருக்காது. களப்பணியாளருக்கும் தாம் கேட்டது எங்கே குறைந்தது என்று தெரியாது. ஆகவே படிவத்தில் ‘கோரப்பட்ட தொகை’ என்ற நிரலுக்கு அருகில் ‘அங்கீகரிக்கப்பட்ட தொகை’ என்ற நிரலை வெறுமையாக விட்டேன். அதை நிரப்புவதும், குறைத்தால் காரணம் எழுதிக் கையொப்பமிடுவதும் கணக்காளரின் பொறுப்பு.

கோரிக்கையைக் களப்பணியாளர் வாசித்து, ஒவ்வொரு தொகையையும் ஏற்றுக் கையொப்பமிட்டார். கணக்காளர் பேருந்து வரியில் 190 என்று எழுதி, ‘வழமையான கட்டணம்’ என்று காரணம் குறித்து, 4,080 ரூபாவை அங்கீகரித்தார். பிரதிச் செலவு 500 ரூபா, யூலை 7ஆம் திகதிய பற்றுச்சீட்டுடன், எழுதுபொருள் செலவுத் தலைப்பின் கீழ் தனியே கொடுக்கப்பட்டது.